பச்சை எரிந்ததும் அமுக்கு!

ஒரு பச்சை விளக்கு. ஒரு பட்டன். விளக்கு எரிந்ததும் பட்டனை அமுக்க வேண்டும். எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டீர்கள் என்பதைச் சிவப்பு எண்கள் காட்டிக்கொடுக்கும். 24 என்று வந்தால் 0.24 விநாடி, சுறுசுறுப்பான ஆள். 35 என்று வந்தால் வீட்டில் ஒரு வாரத்துக்குக் கிண்டல். இவ்வளவுதான் விளையாட்டு.

இதே விளையாட்டை மொபைலில் நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால், கல்லூரி முதலாண்டில் இதைப் புராஜெக்டாகச் செய்பவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. புரோகிராம் எழுதக் கூடாது. லாஜிக் கேட்டுகளும் டைமர் சிப்புகளும் மட்டும்தான். 'காத்திரு', 'இப்போது', 'நிறுத்து' என்ற ஒவ்வொரு முடிவையும் ஒரு கம்பிதான் எடுக்க வேண்டும்.

செய்து முடித்து விளக்கு எரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மீதிப் பாதி, அது காட்டும் எண்ணை நம்பலாமா என்ற கேள்வி. முதல் நாளில் பெரும்பாலும் நம்ப முடியாது!

எப்படி என்று பார்க்க, சேலம் - ஜோலார்பேட்டை ரயில் பாதையில் இருக்கும் பொம்மிடிக்குப் போவோம். அங்கே ஒரு வீடு, அதில் முதலாண்டு படிக்கும் அக்கா, ஒன்பதாவது படிக்கும் தம்பி, ஒரு பாட்டி. வீடும் மனிதர்களும் கற்பனை. சர்க்யூட்டும் அதில் வரும் கோளாறுகளும் அச்சு அசல்.

மேஜை மேல் என்ன இருக்கிறது?

அக்கா சேலத்துக்குப் போய் வாங்கி வந்த பொருட்கள் ஒரு டிபன் பாக்ஸில் அடங்கிவிடும். இரண்டு 555 டைமர் சிப். நான்கு நார் கேட்டுகள் கொண்ட ஒரு 4001 சிப். எண்ணும் வேலைக்கு 4026 சிப் இரண்டு. ஏழு கோடுகளில் எண் காட்டும் டிஸ்ப்ளே இரண்டு. இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு பட்டன், ஒரு பச்சை எல்.இ.டி, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. எல்லாவற்றையும் சாலடர் வைக்காமலே செருகிப் பார்க்க ஒரு பிரெட்போர்டு.

எல்.இ.டிக்குப் பதில் டார்ச் பல்பு வைக்கலாமே என்று தோன்றும். பல்பின் இழை சூடாகி வெளிச்சம் தருவதற்கே சில நூறில் ஒரு பங்கு விநாடிகள் போய்விடும். அந்தத் தாமதமும் ஆடுபவர் கணக்கில் ஏறிவிடும். எல்.இ.டியில் அந்த வம்பு இல்லை.

தொட்டியும் கடிகாரமும்

இரண்டு 555 சிப்புகளுக்கும் இரண்டு வேலை. ஒன்று, விளக்கு எரிவதற்கு முன் ஆடுபவரைக் காக்க வைக்கிறது. இன்னொன்று, விநாடிக்கு 100 முறை 'டிக்' அடிக்கிற கடிகாரம்.

இந்தச் சிப்பை 1971-ல் வடிவமைத்தவர் ஹான்ஸ் காமென்சிண்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். சிக்னெடிக்ஸ் என்ற நிறுவனம் 1972-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று இருப்பதால்தான் 555 என்று பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அப்படியில்லை, விற்பனைப் பக்கத்தில் இருந்தவர் தேர்ந்தெடுத்த எண் அது என்று காமென்சிண்டே சொல்லியிருக்கிறார்.

பெயருக்குக் காரணமில்லை என்றாலும், சிப்பின் வேலைக்கு அந்த மூன்று ரெசிஸ்டர்கள்தான் அடிப்படை. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் இரண்டு கோடுகள். மூன்றில் ஒரு பங்கில் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கில் ஒன்று. தண்ணீர் மேல் கோட்டைத் தொட்டால் குழாய் திறந்து வடிகிறது. கீழ்க் கோட்டுக்கு இறங்கினால் குழாய் மூடி மறுபடி நிரம்புகிறது. இங்கே தொட்டி என்பது கெப்பாசிட்டர். தண்ணீர் வரும் குழாயின் குறுக்களவு ரெசிஸ்டர். கோடு போட்டு வைத்திருப்பவை அந்த மூன்று 5 கிலோ ஓம்கள். ஒருமுறை நிரம்பி வடிந்தால் ஒரு 'டிக்'.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கோடுகள் இத்தனை வோல்ட் என்று போடப்படவில்லை. பேட்டரி வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று போடப்பட்டிருக்கின்றன. பேட்டரி தேய்ந்து 9 வோல்ட் 8 ஆனால் நிரப்பும் வேகமும் குறையும், கோடுகளும் அதே அளவுக்குக் கீழே இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் 'டிக்' வேகம் அநேகமாக மாறாது. பேட்டரி பழசானதால் ஆட்டத்தின் எண் தப்பாகிறது என்று யாராவது சொன்னால், தோற்றவர் சொல்லும் சாக்காகத்தான் இருக்கும்.

கடிகார வேகத்துக்கான கணக்கு இது:

```
f = 1.44 / ((R1 + 2 × R2) × C)
```

அக்கா R1-க்கு 10 கிலோ ஓம், R2-க்கு 67 கிலோ ஓம், C-க்கு 0.1 மைக்ரோ ஃபாரட் என்று கணக்குப் போட்டாள். விநாடிக்கு 100 'டிக்' வந்தது. 67 கிலோ ஓம் என்று கடையில் தனியாகக் கிடைக்காது. அதனால் 47 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு, ஸ்க்ரூ டிரைவரால் திருகி மாற்றக்கூடிய 47 கிலோ ஓம் பிரீசெட் ஒன்றையும் தொடராகச் சேர்த்தாள். இந்தப் பிரீசெட் பின்னால் மானத்தைக் காப்பாற்றப்போகிறது.

தாழ்ப்பாள் போடும் இரண்டு கேட்டுகள்

இனி 4001-க்குள் இருக்கும் நான்கு நார் கேட்டுகள். நார் கேட்டின் சட்டம் ஒரே வரி: உள்ளே வரும் இரண்டும் 0 என்றால் மட்டும் வெளியே 1. எதில் 1 வந்தாலும் வெளியே 0.

முதலாண்டு ஆய்வகத்தில் ஒரு கேட்டை வைத்து இந்த அட்டவணையைச் சரிபார்த்துவிட்டு எல்லோரும் அடுத்த சோதனைக்குப் போய்விடுவார்கள். இரண்டு கேட்டுகளை ஒன்றோடொன்று பின்னினால்தான் வேடிக்கை. முதல் கேட்டின் வெளிவாசல் இரண்டாவதின் உள்வாசலுக்கும், இரண்டாவதின் வெளிவாசல் முதலாவதின் உள்வாசலுக்கும் போகட்டும். மிச்சமுள்ள உள்வாசல்களில், முதல் கேட்டுக்கு 'ஆரம்பி' பட்டன், இரண்டாவது கேட்டுக்கு ஆடுபவரின் பட்டன்.

'ஆரம்பி' பட்டனைத் தொட்டதும் முதல் கேட் 0 ஆகிறது. அதனால் இரண்டாவது 1 ஆகிறது. கையை எடுத்தாலும் அப்படியே நிற்கிறது. ஆடுபவர் தன் பட்டனை அமுக்கினால் இரண்டாவது கேட் 0 ஆகிறது. உடனே முதலாவது 1 ஆகிறது. இப்போது அந்த 1, இரண்டாவது கேட்டை 0-விலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. பட்டனை விட்டாலும் மாறாது. கதவைச் சாத்தியதும் தானாக விழும் தாழ்ப்பாள் மாதிரி. ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே 'லாட்ச்', தாழ்ப்பாள்.

இது எதற்கு, பட்டனையே நேராக எண்ணும் சிப்போடு இணைத்தால் என்ன என்று தம்பி கேட்பான். இரண்டு காரணங்கள். முதலாவது, விரலை எடுத்ததும் எண்ணிக்கை மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். இரண்டாவது, பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் ஒருமுறை தொட்டு அமைதியாக நிற்பதில்லை. தரையில் போட்ட பந்து போலச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளுக்குத் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். தாழ்ப்பாளுக்கு முதல் தொடுதல் போதும். அதற்குப் பிறகு எத்தனை துள்ளினாலும் அது கண்டுகொள்ளாது.

மூன்றாவது கேட்டுக்கு இரண்டு செய்திகள் வருகின்றன. காக்க வைக்கும் 555-லிருந்து 'காத்திரு'. தாழ்ப்பாளிலிருந்து 'நிறுத்து'. இரண்டும் 0 ஆக இருந்தால் மட்டும் இந்தக் கேட் 1 கொடுக்கும். அதுதான் 'இப்போது!' ஒரு டிரான்சிஸ்டர் வழியாக அது பச்சை விளக்கை எரிக்கிறது. நான்காவது கேட் அதே செய்தியைத் தலைகீழாக்கி, எண்ணும் சிப்பின் தடுப்பு வாசலுக்கு அனுப்புகிறது. பச்சை எரியும்வரை எண்ணிக்கை ஓடும், அணைந்ததும் நிற்கும்.

மிச்சமிருக்கும் இன்னொரு டிரான்சிஸ்டருக்கும் வேலை உண்டு. தாழ்ப்பாளையும் எண்களையும் பழைய நிலைக்குக் கொண்டுவர 1 வேண்டும். காக்க வைக்கும் 555-ஐத் தூண்டவோ 0 வேண்டும். 'ஆரம்பி' பட்டனின் 1-ஐ அந்த டிரான்சிஸ்டர் 0 ஆக்கிக் கொடுக்கிறது.

நான்கு கேட், ஒரே சிப், ஆட்டம் முடிந்தது. இதில் இலவசமாக ஒரு நீதிபதியும் கிடைக்கிறார். விளக்கு எரிவதற்கு முன்பே ஒருவர் அவசரப்பட்டு அமுக்கிவிட்டால்? தாழ்ப்பாள் அப்போதே விழுந்துவிடும். காத்திருக்கும் நேரம் முடிந்தாலும் மூன்றாவது கேட் 'நிறுத்து' இருப்பதைப் பார்த்து 1 கொடுக்க மறுத்துவிடும். பச்சை எரியவே எரியாது. எண் 00-விலேயே நிற்கும். முந்திக்கொண்டவரைப் பிடிக்கத் தனியாக எதுவும் சேர்க்கவில்லை.

08 என்று வந்தால்?

கம்பி செருகி, பேட்டரி போட்டு, முதல் ஆட்டம். தம்பிக்கு 27. அடுத்து 25, 29. நியாயமாகத்தான் இருந்தது. பத்துப் பதினைந்து ஆட்டம் போன பிறகு 08 வந்தது. அடுத்தது 05.

"அக்கா, நான்தான் உலக சாம்பியன்!"

"இரு, இரு. எதையோ பண்ணுறடா நீ."

பெர்லினில் 2009-ல் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அன்று துப்பாக்கிச் சத்தத்துக்கும் அவர் கால் அழுத்தத்துக்கும் இடையே ஆன நேரம் 0.146 விநாடி. சத்தத்துக்கு மனிதர்கள் வெளிச்சத்தைவிடச் சற்று வேகமாகவே எதிர்வினை காட்டுவார்கள். தடகள விதிப்படி 0.100 விநாடிக்குள் ஒருவர் கால் அழுத்தினால், அவர் சத்தத்தைக் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பினார் என்று கணக்கு. கண்ணிலோ காதிலோ விழுந்த செய்தி மூளைக்குப் போய், அங்கிருந்து தசைக்கு வர அவ்வளவு நேரமாவது வேண்டும். ஆக 08 என்பது வேகம் இல்லை, முன்கூட்டியே ஊகித்தது.

எப்படி ஊகித்தான்? காக்க வைக்கும் 555-க்கு அக்கா 27 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டிருந்தாள். காத்திருக்கும் நேரம் 1.1 × R × C. ஏறக்குறைய 3 விநாடி. ஒவ்வொரு முறையும் அதே 3 விநாடி. தம்பி மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டான். அவன் விளக்கையே பார்க்கவில்லை!

மருந்து எளிது. 27-ஐ எடுத்துவிட்டு 22 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 47 கிலோ ஓம் திருகு குமிழ் ஒன்றைச் சேர்த்தாள். இப்போது காத்திருப்பு இரண்டரை விநாடியிலிருந்து ஏழரை விநாடிவரை எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் எதிராளி கையால் மறைத்துக்கொண்டு குமிழைத் திருகிவிட வேண்டும். 08 அன்றோடு மறைந்தது. ஊகிக்கப் பார்த்தபோதெல்லாம் பச்சை எரியாமல் 00 வந்து மானம் போனது.

பாட்டி ஜெயித்த கதை

அடுத்து பாட்டி. "பச்சை எரிஞ்சதும் அமுக்குங்க பாட்டி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பச்சை எரிந்தது. பாட்டி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக அமுக்கினார். 20!

"அவ்வளவுதானா கண்ணு?" என்றார் பாட்டி. வீட்டிலேயே முதலிடம்.

எண்ணும் சிப் இரண்டுதான் இருக்கிறது. 99-க்குப் பிறகு அதற்கு 100 தெரியாது. 00-வுக்குத் திரும்பி மறுபடி எண்ணும். பாட்டி எடுத்துக்கொண்டது 1.20 விநாடி. காட்டப்பட்டது கடைசி இரண்டு எண்கள் மட்டும். இந்தக் கோளாறு நல்ல ஆட்டக்காரர்கள் ஆடும்வரை வெளியே தெரியாது. மெதுவான ஆள் ஒருவர் வந்தால்தான் தெரியும்.

மூன்றாவதாக ஒரு 4026-ம் டிஸ்ப்ளேவும் சேர்த்தால் 9.99 விநாடிவரை போகும். சேர்ப்பதும் சுலபம். ஒரு 4026 பத்து எண்ணி முடிக்கும்போது தன் 'மிகுதி' வாசலில் ஒரு துடிப்பு கொடுக்கும். அதை அடுத்த சிப்பின் கடிகார வாசலில் செருகினால் போதும். டிஸ்ப்ளே சேர்க்கும்போது சோம்பேறித்தனப்பட்டு, ஏழு கோடுகளுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் போடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டு கோடு மட்டும் எரியும் 1 பளிச்சென்றும், ஏழும் எரியும் 8 மங்கலாகவும் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் தனி 1 கிலோ ஓம் போடுவதே முறை.

கடிகாரத்துக்கே கடிகாரம்

இனிமேல்தான் முக்கியமான சந்தேகம். தம்பியின் 27 உண்மையிலேயே 0.27 விநாடிதானா?

கணக்குப்படி 100 'டிக்'. ஆனால், அந்தக் கணக்கில் போட்ட 0.1 மைக்ரோ ஃபாரட், கெப்பாசிட்டர் மேல் '104' என்று அச்சடித்திருப்பதை நம்பிப் போட்டது. சாதாரண செராமிக் கெப்பாசிட்டரில் அந்த மதிப்பு 20 சதவிகிதம் கூடவோ குறையவோ இருப்பது சகஜம். கெப்பாசிட்டர் சிறிதாக இருந்தால் தொட்டி சீக்கிரம் நிரம்பும், கடிகாரம் ஓடும், ஆடுபவர் சோம்பேறியாகத் தெரிவார். பெரிதாக இருந்தால் எல்லோரும் சூரர்கள். எண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 27-ம் நம்பும்படி இருக்கும், 23-ம் நம்பும்படி இருக்கும்.

காக்க வைக்கும் 555-ல் இருக்கும் 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் இதே போலத் தப்பாகத்தான் இருக்கும். அங்கே அது பிரச்னையே இல்லை. 3 விநாடி 3.4 ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே சிப், ஒரே மாதிரிப் பிழை. ஓரிடத்தில் கண்டுகொள்ள வேண்டாம். இன்னோரிடத்தில் விடவே கூடாது.

ஆய்வகத்தில் ஆஸிலோஸ்கோப் இருந்தால் ஒரு நிமிட வேலை. பொம்மிடி வீட்டு மேஜையில் அது இல்லை. ஆனால், கையில் மொபைல் இருக்கிறது. அதில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது.

அக்கா செய்தது இதுதான். 'ஆரம்பி' அமுக்கினாள். பச்சை எரிந்ததும் தம்பி மொபைலில் ஸ்டாப்வாட்சைத் தட்டினான். எண்கள் ஓடின. 999 தாண்டி 000-வுக்கு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பாட்டி விரல் மடக்கினார். ஸ்டாப்வாட்ச் 60 விநாடி காட்டியதும் தம்பி ஆட்டப் பட்டனை அமுக்கினான். பாட்டி மடக்கியது ஆறு விரல். டிஸ்ப்ளேவில் 480.

ஆறு சுற்று என்றால் 6,000. அதோடு 480 சேர்த்தால் 6,480. அதை 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 108 'டிக்'. கடிகாரம் 8 சதவிகிதம் வேகமாக ஓடுகிறது. தம்பியின் 27-ஐ 108-ஆல் வகுத்தால் 0.25 விநாடி. பாவம், இரண்டு நாளாக அவனுக்கு இரண்டு புள்ளி அநியாயம் நடந்திருக்கிறது.

"கையால அமுக்குறதுல தப்பு வராதா அக்கா?" என்பது நல்ல கேள்வி. வரும். இரு முனையிலும் சேர்த்து அதிகபட்சம் 0.3 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 விநாடியில் அது அரை சதவிகிதம். 25 என்ற எண்ணில் அரை சதவிகிதம் என்பது ஒரு புள்ளியில் எட்டில் ஒரு பங்குதான். நீண்ட நேரம் ஓடவிட்டு அளந்தால் கையின் தப்பு கரைந்துபோகும். பத்தே விநாடி ஓடவிட்டு அளந்திருந்தால் அதே 0.3 விநாடி 3 சதவிகிதமாக உட்கார்ந்திருக்கும்.

பிறகு பிரீசெட்டைக் கொஞ்சம் திருகி ரெசிஸ்டரைக் கூட்டினாள். மறுபடி 60 விநாடி. 5,910; திருகல் அதிகமாகிவிட்டது. கொஞ்சம் பின்னால். மூன்றாவது முறை 6,010. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

கை கிட்டே போனாலே எண் மாறினால்?

இதைச் செய்து பார்ப்பவர்கள் கட்டாயம் சந்திக்கும் இரண்டு கோளாறுகள் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி அடையாளம்.

முதலாவது: பட்டனைத் தொடவே இல்லை, கை அருகில் போனாலே விளக்கு அணைகிறது, எண் தாவுகிறது. பேய் பிசாசு இல்லை. பட்டன் அமுக்கப்படாதபோது கேட்டின் உள்வாசல் எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. இந்த வகைச் சிப்புகளின் உள்வாசல் மிகவும் நுண்மையானது. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயலை நம் உடம்பு ஏந்திக்கொண்டு போனால்கூட அதை 1 என்றும் 0 என்றும் மாறி மாறி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பட்டன் வாசலிலிருந்தும் தரைக் கம்பிக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால், அமுக்காதபோது அது உறுதியாக 0.

இரண்டாவது: காத்திருப்பு முடியும் அந்தக் கணத்தில் தாழ்ப்பாள் தானாக விழுகிறது அல்லது எண் எங்கிருந்தோ தொடங்குகிறது. சாதாரண 555 நிலை மாறும் கணத்தில் பேட்டரியிலிருந்து ஒரு வாய் மின்சாரத்தை வெடுக்கென்று இழுக்கும். கம்பியில் வோல்ட் ஒரு குலுங்கு குலுங்கும். பக்கத்து சிப் அதைச் செய்தி என்று நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சிப்பின் பிளஸ் - மைனஸ் கால்களுக்கும் மிக அருகில் ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும், பேட்டரி நுழையும் இடத்தில் ஒரு 100 மைக்ரோ ஃபாரடும் வைத்தால் குலுங்கல் அடங்கும்.

எது எங்கே தப்புகிறது என்று பிடிபடாவிட்டால் ஒரு தந்திரம். கடிகார 555-ல் 0.1 மைக்ரோ ஃபாரடுக்குப் பதில் 10 மைக்ரோ ஃபாரட் வையுங்கள். எல்லாமே நூறு மடங்கு மெதுவாகி, எண் விநாடிக்கு ஒன்றாக ஏறும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடந்த தப்பு, இப்போது கண் முன்னால் நிதானமாக நடக்கும். சரிசெய்த பிறகு பழைய கெப்பாசிட்டரை மாட்டிவிடலாம். மாட்டியதும் அந்த 60 விநாடிச் சோதனையை மறக்காதீர்கள்.

24-ஆ, 25-ஆ?

எல்லாம் சரியான பிறகும் ஓர் எல்லை உண்டு. கடிகாரம் தன் போக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பச்சை விளக்கு இரண்டு 'டிக்'குகளுக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் எரியலாம். ஆகவே அதே 0.245 விநாடி ஒருமுறை 24 என்றும் இன்னொருமுறை 25 என்றும் வரும். ஒரு புள்ளி வித்தியாசத்தில் 'நான்தான் ஜெயித்தேன்' என்பது செல்லாது. ஆளுக்கு ஐந்து ஆட்டம் ஆடி, ஐந்து எண்களையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வது நியாயம். தூக்கக் கலக்கத்தில் வந்த ஒரு 41-ம், அதிர்ஷ்டத்தில் வந்த ஒரு 14-ம் அப்போது கணக்கில் நிற்காது.

சர்க்யூட் எதுவும் இல்லாமல் இதைச் சரிபார்க்க வீட்டில் ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்கேல் போதும். ஒருவர் ஸ்கேலை மேல் நுனியில் தொங்கப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே சுழியம் இருக்கும் இடத்தில் விரல்களைத் தொடாமல் விரித்து வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.17 விநாடி. 20 என்றால் 0.20. 25 என்றால் 0.23. பிடிக்கவே இல்லை, ஸ்கேல் முழுதும் நழுவியது என்றால் 0.25-க்கு மேல்.

மேஜை மேல் இருக்கும் ஆட்டமும் ஸ்கேலும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொன்னால் புராஜெக்டைத் தைரியமாக ஆசிரியரிடம் காட்டலாம். அப்புறமும் யாராவது '08 எடுத்தேன்' என்று சாதித்தால், கையில் ஸ்கேலைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். 0.08 விநாடியில் அது விழும் தூரம் மூன்று சென்டிமீட்டர்தான்!